அங்கே கொஞ்சல், இங்கே வசவு

டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர், கூட வேலை பார்த்த சென்னைத் தோழிக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘படம் பாத்தனான். உங்கட பெட்டை நல்ல வடிவு. என்ன படிக்கிறாள்?’

எழுதியவர் மனதில் இருப்பது பாசம் மட்டும்தான். யாழ்ப்பாணத்து வீடுகளில் மகனைப் பொடியன் என்பார்கள், மகளைப் பெட்டை என்பார்கள். ‘எங்கட பெட்டை’ என்று ஒரு தாய் சொன்னால் அதில் பெருமைதான் இருக்கும். ஆனால் சென்னைத் தோழிக்குப் ‘பெட்டை’ என்றதும் கோழியும் நாயும்தான் நினைவுக்கு வரும். ‘வடிவு’ என்பது அழகு என்று தெரிந்திருந்தாலும், முன்னால் நிற்கும் சொல் அதைக் கெடுத்துவிடும். அதற்கப்புறம் வரும் ‘படிக்கிறாள்’கூட மரியாதைக் குறைவாகத்தான் கண்ணில் படும்.

நேரில் சொல்லியிருந்தால் இந்தச் சிக்கல் அரை நிமிடம்கூட நிற்காது. சொல்பவரின் முகத்தில் சிரிப்பிருக்கும், குரலில் குழைவிருக்கும். கேட்பவர் ஒரு நொடி திகைத்து, பிறகு புரிந்துகொண்டு சிரித்துவிடுவார். எழுத்தில் அந்தக் குரல் போய்ச் சேராது. படிப்பவர் தன் ஊர்க் குரலிலேயே அதைப் படிப்பார். அவர் ஊரில் அந்தச் சொல்லை யார், எப்போது, யாரைப் பார்த்துச் சொல்வார்களோ அந்தக் காட்சிதான் மனதில் ஓடும். அனுப்புமுன் நாம் கண்டுபிடிக்க வேண்டியது அந்தக் காட்சியைத்தான்.

பழைய பொருள் எங்கே உயிரோடு இருக்கிறது?

ஒரு சொல் ஓர் ஊரில் செல்லமாகவும் இன்னோர் ஊரில் வசவாகவும் இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். சொல்லின் பழைய பொருள் ஓர் ஊரில் மறந்துபோயிருக்கும். அடுத்த ஊரில் மறக்காமல் இருக்கும்.

தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளிலும் பறவைகளிலும் பெண்ணினத்தைக் குறிக்கும் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் பெட்டை இருக்கிறது. பெண் என்ற சொல்லும் அதே பட்டியலில் இருக்கிறது. பாட்டியும் இருக்கிறது! பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்ணினத்துக்குப் பாட்டி என்று பெயர் என்கிறது அந்நூல். இன்று பாட்டி என்றால் யாருக்கும் பன்றி நினைவுக்கு வருவதில்லை, ஏனென்றால் அந்தப் பொருள் தமிழ் பேசும் எல்லா ஊரிலும் ஒன்றுபோல மறைந்துவிட்டது. பெட்டை விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. தமிழ்நாட்டில் பெட்டைக்கோழி இன்னும் பெட்டைக்கோழிதான். அதனால் மனிதப் பெண்ணைப் பெட்டை என்றால் அது ஏச்சு.

இதிலிருந்து முதல் சோதனை கிடைக்கிறது. நாம் கொஞ்சலாகப் பயன்படுத்தும் சொல்லை அகராதிப் பொருளோடு ஒருமுறை பார்க்க வேண்டும். விலங்கு, பிணம், மூதேவி, பிச்சை என்று ஏதாவது அடியில் கிடந்தால், அந்தச் சொல் ஊர் தாண்டும்போது கவனம் தேவை. கண்ணு, தங்கம், ராசா போன்ற சொற்களின் அடியில் அப்படி எதுவும் இல்லாததால் அவை எந்த ஊரிலும் வசவாக மாறுவதில்லை. முன்பின் தெரியாதவர் சொன்னால் ‘இவ்வளவு உரிமை எதற்கு?’ என்று தோன்றலாம், அவ்வளவுதான்.

இந்தச் சோதனைக்கு நெல்லைச் சீமையைவிட நல்ல களம் கிடையாது. ‘சவத்த விடு’ என்றால் அங்கே ‘போகட்டும், கவலைப்படாதே’ என்று பொருள். தொலைந்துபோன குடையும் சவம், ஓடாத மோட்டாரும் சவம், கிடைக்காமல் போன வேலையும் சவம். பேசுகிறவருக்குப் பிணம் என்ற நினைப்பே வராது. ‘மூதி’யும் அப்படித்தான். மூதேவியில் இருந்து வந்த சொல், ஆனால் ‘சாப்பிட்டுட்டுப் போ மூதி’ என்று ஆச்சி பேத்தியை அதட்டும்போது அதில் அக்கறையைத் தவிர வேறெதுவும் கிடையாது. இவற்றை எழுத்தில் பெறுகிற கோயம்புத்தூர்க்காரருக்கோ திருச்சிக்காரருக்கோ பிணமும் மூதேவியும் நேராக வந்து நிற்கும். அதுவும் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத நேரமாக இருந்தால், ‘சவம்’ என்ற சொல்லை மன்னிக்கவே மாட்டார்கள்.

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் சிறு பெண்ணைக்கூட ‘என்னா தாயி’ என்று விசாரிப்பார்கள். வாய் நிறைந்த சொல் அது. சென்னையில் ‘அம்மா தாயே’ என்பது ஒன்று இரப்பவரின் குரல், இல்லையென்றால் ‘ஆளை விடு’ என்று கையெடுத்துக் கும்பிடும் கிண்டல். கொங்குநாட்டு ‘அம்மணி’க்கு நேர்ந்ததும் இதுதான். கோவை, ஈரோட்டில் மகளையும் மருமகளையும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் ஆசையாக அழைக்கும் சொல் அது. மற்ற ஊர்க்காரர்கள் அதை அதிகம் பார்த்தது சினிமாக் கிசுகிசுப் பத்திகளில். நடிகையின் பெயரைச் சொல்லாமல் ‘அம்மணி’ என்று எழுதி எழுதி, அந்தச் சொல்லுக்கு ஒரு நக்கல் வாடை ஏறிவிட்டது. ‘அம்மணி எப்ப வர்றீங்க?’ என்று ஈரோட்டுக்காரர் ஆசையாகக் கேட்டால், சென்னைப் பெண் ‘என்ன, குத்திக் காட்டுகிறாரா?’ என்று யோசிப்பார்.

விகுதியில் ஒளிந்திருப்பது

விளிச்சொற்களைக் கண்டுபிடிப்பது எளிது. வாக்கியத்தின் முன்னாலோ பின்னாலோ தனியாக நிற்கும், கண்ணில் படும். படாமல் போவது வினையின் கடைசி எழுத்து. மனஸ்தாபம் அதிகம் வருவது அங்கிருந்துதான்.

யாழ்ப்பாணத் தமிழில் ஒரு பெண்ணை மரியாதையாகச் சொல்ல ‘அவ’ என்பார்கள். ‘அவ நாளைக்கு வருவா’ என்றால் பெரியவர் ஒருவரைக் குறித்த மரியாதையான பேச்சு. மரியாதை தேவையில்லை என்றால்தான் ‘அவள் வருவாள்’. தமிழ்நாட்டில் பேச்சில் கடைசி ‘ள்’ உதிர்ந்துவிடும். அவள் என்பதுதான் இங்கே ‘அவ’. மரியாதை என்றால் ‘அவங்க வருவாங்க’ என்றாக வேண்டும். ஆக, அதே இரண்டு எழுத்து அங்கே மரியாதை, இங்கே மரியாதைக் குறைவு.

யாழ்ப்பாணத்து ஊழியர் ஒருவர் சென்னை அலுவலகத்துக்கு ‘மேடம் இண்டைக்கு வரமாட்டா, அவ நாளைக்குத்தான் வருவா’ என்று எழுதினால், படிப்பவர் ‘மேலதிகாரியை இப்படியா பேசுவது!’ என்று நினைப்பார். இதில் தடித்த சொல் ஒன்றுகூட இல்லை. சொற்பட்டியல் வைத்துத் தேடினால் எதுவும் சிக்காது. எதிர்த் திசையிலும் இது நடக்கும். சென்னைத் தோழி ‘நல்ல தமிழில் எழுதுவோமே’ என்று பேச்சு வழக்கைத் திருத்தி, ‘உங்கள் அக்கா வந்துவிட்டாளா?’ என்று கேட்டால், யாழ்ப்பாணத்தவர் காதில் அந்த ‘ள்’ உறுத்தும். இருவருக்கும் பொதுவாக ‘அவர்’ என்ற சொல் இருக்கிறது. பெண்ணுக்கும் ஆணுக்கும் அது எழுத்தில் பொருந்தும். ‘மேடம் இன்றைக்கு வரமாட்டார்’ என்று எழுதினால் இரண்டு கரையிலும் பிழையில்லை.

‘நீர்’ என்பதும் இதே வகை. யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது. கணவன் மனைவியிடமும், ஆசிரியர் வளர்ந்த மாணவரிடமும், உடன் வேலை செய்பவர்கள் தங்களுக்குள்ளும் ‘நீர் எப்ப வாறீர்?’ என்று கேட்பது இயல்பு. நீ என்பதைவிட மதிப்பு, நீங்கள் என்பதைவிட நெருக்கம். சென்னையிலும் தஞ்சையிலும் அந்த நடுப்படி பேச்சில் இல்லாததால், அங்கே ‘நீர்’ என்றால் நாடக ராஜா பேசுவதுபோல இருக்கும், அல்லது சண்டைக்கு இழுப்பதாகத் தோன்றும். நெல்லைக்காரருக்கு மட்டும் இது சட்டென்று பிடிபடும். ‘என்ன வே, எப்ப வாரீரு?’ என்று அவர்களிடமும் ஒரு நடுப்படி உண்டு.

நெல்லையின் ‘லே’யையும் ‘வே’யையும் வெளியூர்க்காரர்கள் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதும் இந்த இடத்தில்தான். ‘லே’ நீ என்பதோடு போகும்: ‘எங்கலே இருக்க?’ ஒத்த வயதுக்காரர்களுக்குள்ளும் இளையவரிடமும் மட்டும் செல்லும். ‘வே’ நீர் என்பதோடு போகும்: ‘எங்க வே இருக்கீரு?’ இதில் வயதுக்கும் நிலைக்கும் ஓரளவு மதிப்பு உண்டு. நெல்லை நண்பரிடம் ஒட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, சினிமாவில் கேட்ட ‘என்னலே’யை அவருடைய மாமாவுக்கு எழுதுகிறவர், விகுதி தெரியாமல் படி தவறியவர்.

கொங்கில் பிரச்சினை தலைகீழ். அங்கே இருப்பதைவிட இல்லாததுதான் உறுத்தும். ‘வாங்க’, ‘சொல்லுங்க’, ‘ஏனுங்க’ என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ங்க’ ஏறியிருக்கும் ஊரில், ‘சொல்லு’, ‘வா’, ‘எப்ப வர?’ என்ற வெறும் வினை மொட்டையாகத் தெரியும். வேறு ஊர்க்காரர் நெருக்கத்தைக் காட்டத்தான் ‘ங்க’வை விட்டிருப்பார். அதே போல கொங்குப் பெண் புகுந்த வீட்டு நெல்லை அத்தைக்குச் ‘சரிங்க அத்தை, நல்லா இருக்கேனுங்க’ என்று எழுதினால், அத்தைக்கு ‘என்ன இவ்வளவு எட்டி நிற்கிறாள்?’ என்று மனசு சுருங்கும். அந்தப் பெண் தன் அப்பாவிடமும் அப்படித்தான் பேசுகிறாள் என்பது அத்தைக்குத் தெரியாது.

ஒரு செய்தியைப் பிரித்துப் பார்ப்போம்

பாளையங்கோட்டை அத்தை ஒருவர், தன் அண்ணன் மகன் கட்டியிருக்கும் கோபிச்செட்டிப்பாளையத்துப் பெண்ணுக்கு ஆறுதல் எழுதுகிறார். டிரைவிங் லைசென்ஸ் டெஸ்ட்டில் அந்தப் பெண் தேறவில்லை.

‘ஏட்டி, லைசென்ஸ் கெடைக்கலேன்னு அழுதியாமே? சவத்த விடு. அடுத்த தடவ பாத்துக்கிடலாம். ஒங்க அம்மா என்ன சொல்லுதா? நீ ஒழுங்காச் சாப்பிடு மூதி.’

ஐந்து சின்ன வாக்கியம். பாளையங்கோட்டைக் காதுக்கு இதில் பாசம் வழிகிறது. கோபிக் காதுக்கு எங்கெங்கே தைக்கும் என்று பார்க்க, நான்கு இடங்களை இந்த வரிசையில் பார்க்கலாம்.

முதலில் மூன்றாம் ஆளைப் பற்றிய பேச்சு. ஏனென்றால், தன்னைச் சொன்னதைப் பொறுத்துக்கொள்கிறவர்கள்கூடத் தாயைச் சொன்னால் பொறுக்க மாட்டார்கள். ‘ஒங்க அம்மா என்ன சொல்லுதா?’ என்பது நெல்லையில் சாதாரணம். தன் அம்மாவையும் அத்தை அப்படித்தான் சொல்வார். கோபியில் அது சம்பந்தியம்மாவை அவமதிப்பதாகத் தெரியும். இது கட்டாயம் மாற வேண்டும்: ‘அம்மா என்ன சொல்றாங்க?’

இரண்டாவது, விளி. ‘ஏட்டி’ என்பதற்கு ஒரு சோதனை வைக்கலாம். அதே சொல்லை அந்தப் பெண் அத்தையிடம் திருப்பிச் சொல்ல முடியுமா? முடியாது. ஒத்த வயதுத் தோழிகள் ஒருவரையொருவர் ‘ஏட்டி’ என்றால் அது திருப்பிச் சொல்லக்கூடியது, அதனால் கூச்சமில்லை. ஒரு பக்கமாக மட்டும் ஓடும் விளியில் ‘நான் மேலே, நீ கீழே’ என்பது ஒட்டிக்கொண்டிருக்கும். பழகிய ஊரில் அதை அன்பு மூடிவிடும், பழகாத ஊரில் மூடாது. ‘என்னம்மா’ என்று மாற்றினால் போதும்.

மூன்றாவது, திட்டுவடிவில் இருக்கும் சொற்கள். ‘சவத்த விடு’ என்பதில் சவத்தை எடுத்துவிட்டு ‘அத விடு’ என்றால் ஆறுதல் குறைகிறதா? குறையவில்லை. ‘மூதி’யை எடுத்தால்? இங்கே கொஞ்சம் குறைகிறது. அந்த அதட்டலில்தான் அத்தையின் உரிமை இருக்கிறது. எடுத்ததும் வாக்கியம் வெறும் உத்தரவாகிவிடும். அதனால் அந்த இடத்தைச் சும்மா விடாமல் ‘சாப்பிடும்மா’ என்று நிரப்ப வேண்டும். எடுத்த பிறகு வாக்கியம் நொண்டுகிறதா என்று பார்ப்பது, அந்தச் சொல் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று காட்டிவிடும்.

நான்காவது, ஏவல் வினைகள். ‘விடு’, ‘சாப்பிடு’ இரண்டும் மொட்டையாக இருக்கின்றன. மூத்தவர் இளையவருக்குச் சொல்வதால் இரண்டிலும் ‘ங்க’ போட வேண்டியதில்லை. போட்டால் அத்தை குரலே போய்விடும். விளி மென்மையானதும் வினையின் மொட்டைத்தனமும் தானாகவே தணிந்துவிடும்.

இப்போது செய்தி இப்படி நிற்கிறது: ‘என்னம்மா, லைசென்ஸ் கெடைக்கலேன்னு அழுதியாமே? அத விடு. அடுத்த தடவ பாத்துக்கிடலாம். அம்மா என்ன சொல்றாங்க? நீ ஒழுங்காச் சாப்பிடும்மா.’

‘கெடைக்கலேன்னு’, ‘பாத்துக்கிடலாம்’ இரண்டையும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். அவை நெல்லை வாசனைதான், ஆனால் யாரையும் தைக்காதவை. மாற்ற வேண்டியது ஆளைத் தொடும் இடங்களை மட்டும்தான். மற்றதெல்லாம் அத்தையின் ஊர், அத்தையின் குரல். கொங்குப் பெண்ணுக்குப் பிடிக்கட்டும் என்று ‘அம்மணி’யைக் கடன் வாங்கிப் போட வேண்டியதும் இல்லை. கடன் வாங்கிய கொஞ்சல் பெரும்பாலும் சுருதி சேராது. அந்தச் சொல் எந்த வயதுக்கு, எந்த நெருக்கத்துக்கு என்பது உள்ளூரில் வளர்ந்தவருக்கே தெரியும்.

‘மூதி’ என்று சொன்னால்தான் மனசு ஆறும் என்றால், குரல் பதிவாக அனுப்பலாம். குரல் ஏறி இறங்குவதில் பாதிப் பொருள் கூடவே போய்விடும். ஆனால் அதைத் தனியாக அனுப்ப வேண்டும். குடும்பக் குழுவில் போட்டால், புரிந்துகொள்ள வேண்டியவர் அந்தப் பெண் ஒருத்தி மட்டுமல்ல. அவள் தாய்மாமனும் கேட்பார், சித்தப்பாவும் கேட்பார். அந்தக் குழுவிலேயே நெல்லைக்கு அதிகம் பழக்கமில்லாதவர் யாரோ அவர் காதைத்தான் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் மட்டும் காரணமில்லை

வட்டார அகராதிகளைப் புரட்டினால் விடை கிடைக்குமா என்றால், பாதி கிடைக்கும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும், பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும், அ.கா. பெருமாள் நாஞ்சில் வட்டாரத்துக்கும் சொல்லகராதி தொகுத்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு அந்த ஊரில் என்ன பொருள் என்று அவற்றில் பார்க்கலாம். அதை யார் யாரிடம் சொல்லலாம் என்பது அகராதியின் எல்லைக்கு வெளியே கிடக்கிறது.

ஏனென்றால், ஒரே ஊருக்குள்ளேயே ஒரு சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. தஞ்சைப் பண்ணைகளில் நிலம் வைத்திருந்தவரின் சிறுவன், தன் தாத்தா வயதுள்ள கூலியாளை ‘டேய்’ என்று அழைத்த காலம் ரொம்பப் பழையதல்ல. அந்த வீட்டுக்குள் அண்ணன் தம்பியைக் கூப்பிட்டதும் அதே ‘டேய்’தான். நெல்லையில் நண்பர்களுக்குள் இனிக்கும் ‘லே’யும், மேலிருந்து கீழே வரும்போது இனிப்பதில்லை. மனைவியை ‘டீ’ போடுவது சில வீடுகளில் பிரியம், அடுத்த தெருவிலேயே அது அடாவடி. ‘எங்க ஊர்ல இப்படித்தான் பேசுவோம்’ என்று சொல்கிறவர், எங்கள் ஊரில் யார் அப்படிப் பேசினார்கள், யார் கேட்டுக்கொண்டு நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்டுக்கொண்டு நின்ற வீட்டிலிருந்து வந்தவருக்கு அந்தச் சொல்லை எழுதினால், இருவரும் ஒரே ஊராக இருந்தாலும் தைக்கத்தான் செய்யும். இங்கே வட்டார வழக்கு ஒரு சமாதானமாகாது.

இன்னோர் எல்லையும் உண்டு. பயந்துபோய் எல்லாவற்றையும் சலித்து எடுத்தால் கடைசியில் மிஞ்சுவது மின்வாரிய அறிவிப்பு. பள்ளித் தோழனுக்கு ‘வணக்கம், நலமா?’ என்று எழுதினால் அவன் ‘என்னலே, கோவமா?’ என்றுதான் கேட்பான். அவனுக்கு ‘எல மக்கா’ என்பதே சரி. சோதனை எல்லாம் ஊர் தாண்டும் செய்திக்கும், புதிய உறவுக்கும், பலர் படிக்கும் குழுவுக்கும் மட்டும்தான்.

பெறுகிற பக்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. வந்த செய்தியில் ஒரு சொல் தைத்தால், மற்ற வரிகளைப் பாருங்கள். திட்ட நினைத்தவர் ‘அடுத்த தடவ பாத்துக்கிடலாம்’ என்று எழுத மாட்டார், ‘சாப்பிட்டியா’ என்று கேட்க மாட்டார். ஒரு சொல் மட்டும் கசந்து மற்றதெல்லாம் இனித்தால், அது பெரும்பாலும் ஊர் வித்தியாசம்தான். அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால், ‘உங்க ஊர்ல இத யாரு யார சொல்லுவாங்க?’ என்று அவரிடமே கேட்டுவிடலாம். நல்ல மனதோடு எழுதியவர் அதற்கு ஒரு கதையோடு பதில் சொல்வார். அடுத்த செய்தியில் அந்தச் சொல்லைத் தானே விட்டுவிடுவார், இல்லையென்றால் உங்களையும் அதைச் சொல்ல வைத்துவிடுவார்.